முடியாத கேமுக்கு எத்தனை பேர்?

தோட்டத்துல ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பொகவந்தலாவைப் பக்கத்து லயங்களில் வளர்ந்த எங்களுக்கு எந்தச் சாமானின் விலையும் கடைசியில் இந்த அலகில்தான் மனசுக்குள்ள விழும். ஸ்டீமில் ஒரு கேமைப் பார்த்தாலும் அதே கதைதான். முதலில் டொலரை ரூபாயாக்குவோம், பிறகு ரூபாயைப் பேராக்குவோம். அதற்குப் பிறகுதான் கிராபிக்ஸ், கதை எல்லாம்.

இந்தக் கட்டுரை ஏர்லி அக்சஸ் பற்றியது. அதாவது இன்னும் செய்து முடிக்காத கேமை, செய்துகொண்டிருக்கும்போதே காசுக்கு விற்பது. ஸ்டீம் இதை 2013 மார்ச்சில் ஆரம்பித்தது. வாங்குபவருக்கு ஒரு சலுகை மாதிரித் தெரியும்: எல்லாருக்கும் முன்னால விளையாடலாம், பெரும்பாலும் விலையும் கொஞ்சம் குறைவு. ஆனால் பாதி கட்டிய வீட்டுக்கு முழு வாடகை கொடுத்துக் குடிபோகிற மாதிரியான விஷயமும் இது. கூரை வருமா, எப்ப வரும், மேஸ்திரி நடுவுல போயிட்டா என்ன செய்றது, எல்லாம் வாங்குறவங்க தலையில.

நாங்க நாலு ஆள். இப்ப கம்பஸில் கலைப்பீடம். லீவுக்கு ஊருக்கு வந்தால் ஒரே ஒரு கொம்பியூட்டரைச் சுற்றித்தான் நாலு பேரும் இருப்போம். ஹட்டனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 1050 Ti கார்ட், 8 ஜீபி ரேம். கேம் வாங்குவதென்றால் நாலு பேரும் காசு போடணும். ஒருத்தர் கையில் ஸ்கொலர்ஷிப் காசு இருக்கும், இன்னொருத்தருக்கு வீட்டுல கேட்கணும். அதனால் எங்க கூட்டத்தில் “பிடிச்சிருக்கு, வாங்குவோம்” என்ற வாக்கியத்துக்குப் பெறுமதி இல்லை. ஏன் இப்பவே, ஏன் இது என்று வாதாடி ஜெயிக்கணும்.

அப்படி நாங்க ரொம்பநாள் சண்டை போட்ட கேம், கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2. இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கு. ஏர்லி அக்சஸில் என்னென்ன கெட்டுப்போகலாமோ அத்தனையும் இந்த ஒரே கேமில் நடந்தது. அதோடு, அதில் பெரும்பாலானவை வெளியான முதல் வாரமே கண்ணுக்கு முன்னால இருந்தது.

முதல் பாகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பச்சை நிறக் குட்டி மனுசங்களை வைத்து ரொக்கெட் கட்டி, சுற்றுப்பாதைக்கு அனுப்பி, நிலவில் இறக்குகிற விளையாட்டு. மெக்சிகோ நகரத்தில் இருந்த ஸ்குவாட் என்ற நிறுவனம் செய்தது. 2011 ஜூனில் முதல் பதிப்பை வெளியே விட்டார்கள், முழு வெளியீடு 2015 ஏப்ரலில். ஸ்டீம் ஏர்லி அக்சஸ் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் கேம்களில் இதுவும் ஒன்று. அதாவது முடியாத கேமை விற்று, சொன்னபடி முடித்துக் காட்டியவர்களின் பட்டியலில் இந்தப் பெயர் இருந்தது. அதனால் இரண்டாம் பாகமும் ஏர்லி அக்சஸில் வருதென்றதும் எங்க கூட்டத்தில் ஒருத்தன் சொன்னது: “மச்சான், இவங்க ஏற்கனவே ஒருமுறை செஞ்சு காட்டினவங்கடா.”

அந்த ‘இவங்க’ என்ற சொல்லில்தான் சிக்கல். 2017ல் முதல் பாகத்தின் உரிமையை டேக்-டூ என்ற அமெரிக்கப் பெருநிறுவனம் வாங்கியது. 2019 ஓகஸ்டில் இரண்டாம் பாகத்தை அறிவித்தபோது செய்துகொண்டிருந்தது ஸ்டார் தியரி என்ற வேறொரு நிறுவனம். 2020ல் டேக்-டூ வேலையை அவர்களிடமிருந்து எடுத்து, இன்டர்செப்ட் கேம்ஸ் என்று புதுசாக ஆரம்பித்த தன்னுடைய ஸ்டூடியோவிடம் கொடுத்தது. 2020ல் வரவேண்டிய கேம் திரும்பத் திரும்பத் தள்ளிப்போய் 2023 பெப்ரவரி 24ஆம் திகதி ஏர்லி அக்சஸாக வந்தது. பெயர் அதே பெயர், செய்தவர்கள் வேறு ஆட்கள். தோட்டத்துப் பெயர் மாறாமல் கம்பனி மட்டும் கைமாறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரிய நேரமெடுக்காது.

விலை 49.99 டொலர். அந்த மாசம் டொலர் 360 ரூபாய்க்குக் கிட்ட இருந்தது, ஆகவே 18,000 ரூபாய். தோட்டத்து நாட்சம்பளம் அப்போது 1,000. பதினெட்டு பேர். அட்டையும் மழையும் பார்க்காமல் ஒரு அம்மா பதினெட்டு நாள் மலையேறுகிற காசு. 

இந்தக் காசுக்கு அன்றைக்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். ரொக்கெட் கட்டலாம், பறக்கலாம், கிரகங்களுக்குப் போகலாம். அவ்வளவுதான். முதல் பாகத்தில் இருந்த விஞ்ஞானப் புள்ளிகள் சேர்க்கிற முறை இல்லை, வேலை ஒப்பந்தம் எடுத்து நிறுவனம் நடத்துகிற கரியர் இல்லை. வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது வெப்பம்கூட இல்லை. ரொக்கெட் நூடுல்ஸ் மாதிரி வளையும். சுற்றுப்பாதையில் விட்ட கலம் காரணமே இல்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சுற்றுப்பாதைக் கணக்கை வைத்துத்தான் முழு விளையாட்டுமே நடக்குது, அதுவே நம்பமுடியாதென்றால் மிச்சம் என்ன? முதலில் அறிவித்த குறைந்தபட்சத் தேவை RTX 2060 கார்ட். எங்க 1050 Ti கிட்டவும் போகாது. நல்ல கார்ட் வைத்திருந்தவர்களுக்கே பெரிய ரொக்கெட் ஏவும்போது படம் விட்டு விட்டு ஓடியது. 

இதெல்லாம் வாங்கிய பிறகு தெரிந்த இரகசியம் இல்லை. வெளியீட்டுக்கு முந்திய வாரமே, முன்கூட்டி விளையாட அழைக்கப்பட்ட யூடியூபர்களின் வீடியோக்கள் வந்துவிட்டன. அவர்கள் கையில் இருந்தது விலையுயர்ந்த கொம்பியூட்டர்கள், அதிலேயே தடங்கல் தெரிந்தது. இந்த மாதிரி வீடியோவில் நாங்க பேச்சைக் கேட்பதில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, வெட்டாமல் ஓடுகிற துண்டுகளை மட்டும் பார்ப்போம். ஒவ்வொரு நல்ல காட்சிக்கும் பிறகு வெட்டு விழுந்தால், வெட்டின இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கணும்.

இதற்கு எதிராக வைக்கப்பட்ட வாதம், வழிவரைபடம். விஞ்ஞானம், பிறகு காலனிகள், பிறகு வேறு நட்சத்திரத்துக்குப் பயணம், பிறகு அங்கே தேடலும் வளங்களும், கடைசியில் பலர் சேர்ந்து விளையாடுவது. ஐந்து படி. பார்க்க அழகான படம். ஆனால் எந்தப் படிக்கும் திகதி இல்லை. கூடவே, முழு வெளியீட்டில் விலை கூடும் என்றும் எதிர்பார்க்கச் சொல்லியிருந்தார்கள். “இப்ப எடுக்காட்டி பிறகு கூடப் போயிரும்” என்பதுதான் எங்க கூட்டத்திலும் கடைசி ஆயுதமாக வந்தது.

ஸ்டீம் கடைப் பக்கத்தில் ஒவ்வொரு ஏர்லி அக்சஸ் கேமுக்கும் நீலப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் கேள்வி-பதில். எவ்வளவு காலம் இப்படி இருக்கும், இப்போதைய நிலை என்ன, முழுப் பதிப்பு எப்படி வேறுபடும், விலை மாறுமா. பெரும்பாலானவங்க வீடியோவைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிக் கீழே போயிடுவாங்க. இதில் முழுப் பதிப்பைப் பற்றிய பதில் எப்போதும் நீளமாகவும் இனிப்பாகவும் இருக்கும். நாங்க வாசிப்பது `What is the current state of the Early Access version?` என்பதற்குக் கீழே உள்ளதை மட்டும்தான். அதை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்போம்: இனி ஒரு அப்டேட்டும் வராது என்றால், இதில் எழுதியிருப்பதற்கு மட்டும் இந்த விலை கொடுப்போமா? இது எங்க கண்டுபிடிப்பு இல்லை. அந்தப் பெட்டியிலேயே ஸ்டீம், இப்போதைய நிலையில் விளையாட ஆர்வமில்லையென்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. கடைக்காரனே சொல்கிறான், நமக்குத்தான் கேட்கிறதில்லை.

கேர்பல் 2க்கு இந்தக் கேள்வியைப் போட்டால் பதில் உடனே வரும். முதல் பாகத்தின் முழு விலையே 39.99 டொலர், தள்ளுபடியில் 9.99 வரை இறங்கும். அதில் எல்லாமே இருக்கு, எங்க கார்டிலும் ஓடும். பத்து டொலருக்குக் கிடைப்பதைவிடக் குறைவான ஒன்றுக்கு ஐம்பது டொலர். அப்படியென்றால் மிச்ச நாற்பது டொலர் போவது கேமுக்கு இல்லை, அந்தப் படத்துக்கு. நாங்க வாங்கவில்லை. “பார்ப்போம், ஒரு படி முடியட்டும்” என்று முடிவாச்சு. 

பிறகு நடந்ததை ஓரமாக இருந்து பார்த்தோம். இங்கே கவனிக்க வேண்டியது அப்டேட்டின் எண்ணிக்கை இல்லை, வகை. மார்ச் நடுவில் முதல் திருத்தம் வந்தது, அதற்குப் பிறகும் சில மாசத்துக்கொன்று வந்துகொண்டே இருந்தது. பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் நீளமான திருத்தங்கள். ஆனால் அவையெல்லாம் உடைந்ததைச் சரிசெய்வது. வழிவரைபடத்தின் முதல் படியான விஞ்ஞானம் வந்தது 2023 டிசம்பர் 19ஆம் திகதி. பத்து மாசத்துக்கு ஒரு படி. ஐந்து படிக்கு ஐம்பது மாசம், அதாவது 2027 ஏப்ரல் வாக்கில்தான் கடைசிப் படி. அதுவும் அடுத்த படிகள் முதல் படியைவிடக் கஷ்டமில்லை என்று வைத்துக்கொண்டால். உண்மையில் பலர் சேர்ந்து விளையாடும் வசதியைக் கடைசியில் ஒட்டுவதுதான் எந்தக் கேமிலும் கஷ்டமான வேலைகளில் ஒன்று.

அந்த ஐம்பது மாசத்துக்கு சம்பளம் யார் கொடுப்பது? இதைத்தான் விளையாடுகிறவர்கள் கேட்பதே இல்லை. ஏர்லி அக்சஸில் பாதிப் பேர் ஏற்கனவே வாங்கிவிட்டார்கள், புதிதாக வாங்குகிறவர்கள் குறைந்தால் வருமானம் நின்றுவிடும், ஆனால் வேலை நிற்கக்கூடாது. SteamDB என்ற தளத்தில் எந்தக் கேமை எத்தனை பேர் ஒரே நேரத்தில் விளையாடுகிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். கேர்பல் 2 வெளியான நாட்களில் உச்சம் சுமார் 25,000. சில மாசத்தில் அது நூற்றுக்கணக்குக்கு விழுந்தது. பழைய முதல் பாகத்தை அதைவிடப் பல மடங்கு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்களே பழையதுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்றால், காசு போட்ட பெருநிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அது எப்படித் தெரியும் என்று ஊகிக்கலாம்.

2024 ஏப்ரலில் டேக்-டூ தன் ஆட்களில் ஐந்து வீதத்தைக் குறைப்பதாக அறிவித்தது. கொஞ்ச நாளில் வொஷிங்டன் மாநில அரசுக்குக் கொடுத்த அறிவித்தலில், சியாட்டிலில் 70 பேருக்கு வேலை போவதாக இருந்தது. இன்டர்செப்ட் இருந்ததும் சியாட்டிலில்தான். ஸ்டூடியோவை மூடவில்லை என்று நிறுவனத் தலைவர் பேட்டியில் சொன்னார். ஜூனில் ஒரு சின்னத் திருத்தம் வந்தது. அதோடு சரி. காலனி வரவில்லை, நட்சத்திரமும் வரவில்லை. கேம் மட்டும் கடையில் அதே ஏர்லி அக்சஸ் பட்டியோடு விற்பனையில் இருந்தது.

இதை வைத்து “ஏர்லி அக்சஸே வேணாம்” என்று சொல்வது சுலபம். எங்களில் ஒருத்தி அப்படித்தான் சொன்னாள், ‘முடியாத எதுக்கும் காசில்ல’ என்று. ஆனால் அந்த விதியை வைத்திருந்தால் நாங்க அதிகம் விளையாடிய கேமை வாங்கியிருக்கவே மாட்டோம். 

புரொஜெக்ட் சொம்பொய்ட். த இண்டி ஸ்டோன் என்ற சின்ன நிறுவனத்தின் வேலை. ஸ்டீமில் 2013 நவம்பரில் ஏர்லி அக்சஸாக வந்தது, இன்னும் ஏர்லி அக்சஸ்தான். நாங்க ஆரம்பப் பள்ளியில் இருந்த காலத்திலிருந்து முடியாத கேம். வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கேர்பலைவிட மோசம். 41ஆம் பதிப்பு சோதனையாக வந்து நிலையான பதிப்பாக மாற இரண்டு வருசத்துக்கு மேல் எடுத்தது, 2021 டிசம்பரில்தான் முடிந்தது. கதையோடு நடமாடும் மனிதப் பாத்திரங்கள் வரும் என்று பல வருசமாகச் சொல்கிறார்கள். இன்னும் வரவில்லை. 

ஆனாலும் வாங்கினோம். ஏனென்றால் அந்த ஒரு கேள்விக்கு இது தாங்குது. இனி ஒன்றுமே வராது என்று வைத்துக்கொண்டாலும், 41ஆம் பதிப்பில் இருப்பது 19.99 டொலருக்கு முழு விளையாட்டு: வீடு அடைத்து, சாப்பாடு தேடி, தோட்டம் போட்டு, நாலு பேராகச் சேர்ந்து உயிர்வாழ்ந்து, கடைசியில் ஏதாவது ஒரு முட்டாள்தனத்தில் சாவது. டொலர் 300 என்று வைத்தால் 6,000 ரூபாய். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆனபிறகு இது நாலரைப் பேர். நாலு ஆளுக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு பேரும் கொஞ்சமும். எங்க பழைய கார்டிலும் ஓடுது. மனிதப் பாத்திரங்கள் வந்தால் இலாபம், வராட்டி நாங்க காசு கொடுத்தது அதற்கில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு, மலைநாட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். 2024 டிசம்பரில் 42ஆம் பதிப்பைச் சோதனைக்கு விட்டபோது அதை எல்லார் தலையிலும் கொட்டவில்லை. கேமின் அமைப்புக்குள் போய் `Betas` என்ற இடத்தில் `unstable` என்பதை நாமாகத் தெரிவு செய்தால்தான் வரும். தெரிவு செய்யாதவர்களின் 41 அப்படியே இருக்கும். 41இல் சேமித்தது 42இல் ஓடாது என்பதால் இந்தப் பிரிப்பு இல்லையென்றால் ஒரு இரவில் எங்க ஊரே அழிந்திருக்கும். எங்களுக்கு இணையம் என்பது ஜன்னலில் வைத்த 4ஜி ரவுட்டர், மழை பிடித்தால் அதுவும் இழுக்கும். ராத்திரி டேட்டாவை நம்பி இருக்கிறவங்களுக்கு ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் விலையின் ஒரு பகுதி. முடிந்த கேமை ஒருமுறை இறக்கினால் போதும், முடியாததை வருசம் முழுக்க இறக்கிக்கொண்டே இருக்கணும். கடைப் பக்கத்தில் இந்தச் செலவு எழுதியிருக்காது. வாங்குமுன் SteamDBயில் கடந்த ஆறு மாச அப்டேட்கள் எத்தனை, பழைய பதிப்பில் நிற்க வழி இருக்கா என்று பார்த்துவிடுவது நல்லது.

கதை விளையாட்டுகளுக்கு மட்டும் நாங்க விவாதமே வைப்பதில்லை, பொறுத்துத்தான். போல்டர்ஸ் கேட் 3 நல்ல நிறுவனம் செய்தது, சொன்னதை முடித்தும் கொடுத்தார்கள். ஆனால் 2020 ஒக்டோபரில் 59.99 டொலர் கொடுத்தவருக்குக் கிடைத்தது முதல் அங்கம் மட்டும். மிச்சம் வர 2023 ஓகஸ்ட் ஆனது, அப்போதும் சேமித்து வைத்த ஆட்டம் செல்லாது, முதலிலிருந்து தொடங்கணும். காத்திருந்தவருக்கும் அதே 59.99தான். காத்திருந்ததில் ஒரு சதமும் நட்டமில்லை, கதையும் புதுசாகவே இருந்தது.

விலை கூடும் என்ற பயத்தையும் கணக்காகப் பார்த்தால் சின்னதாகிவிடும். ஹேடிஸ் ஏர்லி அக்சஸில் 19.99, 2020 செப்டம்பரில் முழுமையாக வந்தபோது 24.99. ஐந்து டொலர் வித்தியாசம், 1,350 ரூபாய்க் கணக்கில் ஒரு பேருக்குக் கொஞ்சம் கூட. கேர்பல் மாதிரி ஒன்றில் மாட்டினால் போவது அதே கணக்கில் பதினொரு பேர். ஒரு பேரை மிச்சம்பிடிக்கப் பதினொரு பேரைப் பணயம் வைப்பதா? அதுவும் முழு வெளியீட்டுக்குப் பிறகு தள்ளுபடி வரும்போது அந்த ஐந்து டொலரும் காணாமல் போய்விடும்.

ரீஃபண்ட் இருக்கே என்பார்கள். இருக்கு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பும், ஏர்லி அக்சஸுக்கும் அதே விதி. ஆனால் இந்த வகை கேம்களில் குறைகள் இரண்டாம் மணித்தியாலத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். சுற்றுப்பாதை இறங்குவதைக் கவனிக்க முதலில் சுற்றுப்பாதைக்குப் போகத் தெரியணும், அதற்கே புதியவருக்கு மூன்று மணித்தியாலம். அதனால் வாங்கினால் அந்த நேரத்தை நாங்க விளையாடச் செலவழிப்பதில்லை. ஃபோனில் ஒன்றரை மணிக்கு அலாரம். முதலில் செட்டிங்ஸைக் குறைத்து, கேமில் கிடைக்கிற ஆகப் பெரிய, ஆகக் கூட்டமான இடத்துக்குப் போய் ஓடுதா என்று பார்ப்பது. பிறகு சேமித்து, முழுசாக மூடி, திரும்பத் திறப்பது, அதை நாலைந்து தரம். பிறகு இணையத்தைக் கழற்றிவிட்டுத் திறக்குதா என்று பார்ப்பது. எங்க பக்கம் காத்தடித்தால் கரண்ட் போகும், அதனால் நடுவில் டக்கென்று நிறுத்தியும் பார்ப்போம், சேமித்தது தப்புதா என்று. அலாரம் அடித்ததும் முடிவு.

விமர்சனங்களில் ஒரு சின்ன விஷயம். கேம் முடியாமல் இருந்தபோது எழுதியவற்றில் `Early Access Review` என்று ஸ்டீம் போட்டிருக்கும், எழுதும்போது எத்தனை மணித்தியாலம் விளையாடியிருந்தார் என்பதும் இருக்கும். இருபது மணித்தியாலத்துக்கு மேல் விளையாடிவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுதியவர்களைத் தேடி வாசியுங்கள். திட்டினாலும் கேமைத் தெரிந்து திட்டுவார்கள். “எதிர்காலம் இருக்கு” என்று மட்டும் சொல்லி விரலைத் தூக்குகிறவர்கள் வழிவரைபடத்தைத்தான் விமர்சிக்கிறார்கள்.

2025 பெப்ரவரியில் ஸ்டீம் ஒரு நல்ல வேலை செய்தது. நீண்ட காலம் அப்டேட் வராத ஏர்லி அக்சஸ் கேம்களின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து எத்தனை மாசம் என்று குறிப்புப் போட ஆரம்பித்தது. அங்கே எழுதியிருக்கும் காலக்கணக்கு இனிப் பொருந்தாமல் போகலாம் என்றும் சொல்லுது. நல்லதுதான், ஆனால் அது வர ஒரு வருசம்போல ஆகும். அதற்குள் வாங்குகிறவர் தானாகத்தான் திகதி பார்க்கணும்.

எங்க பொதுக்காசில் இப்போ 4,200 ரூபாய் இருக்கு. வாதத்தில் இருப்பது இரண்டு கேம், ஒன்று முடிந்தது, ஒன்று முடியாதது. முடியாததுக்காக வாதாடுகிறவன் இன்னும் அந்த நீலப் பெட்டியை வாசிக்கவில்லை, வீடியோவைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.